நடைக்கு விளையாட்டா, விளையாட்டுக்கு நடையா?

மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் ரயிலில் கோவைக்கு வரும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு குறை சொன்னார். "ரயிலில் ஏறியதும் போக்கிமான் கோ விளையாட ஆரம்பிக்கிறேன் சார். கோவை வருவதற்குள் சார்ஜ் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. முட்டை மட்டும் பொரியமாட்டேன் என்கிறது!"

வாசகர்களில் சிலர் இவ்விளையாட்டை அறிந்திருக்கலாம். 2016 ஜூலையில் அமெரிக்காவிலும், அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் இது வெளிவந்தது. நாம் நடக்கும் தெருவே ஆடுகளம். துணைக்கோள்களின் உதவியால் கைபேசி நம் இருப்பிடத்தை அறிய, திரையிலுள்ள வரைபடத்தில் கற்பனை விலங்குகள் தோன்றுகின்றன. நமக்குக் கிடைக்கும் முட்டைகள் 2, 5, 10 கிலோமீட்டர் என்று குறித்த தூரம் நடந்தால் பொரியும்.

மாணவரின் முட்டை பொரியாத காரணம் எளிது. மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கடக்கும் தூரத்தை விளையாட்டு கணக்கில் சேர்ப்பதில்லை. ரயிலின் வேகம் அதைப்போல் பல மடங்கு. ஆக, காரமடையும் துடியலூரும் கடந்து போகின்றனவேயன்றி முட்டைக்கு ஒரு பயனும் இல்லை.

சார்ஜ் எங்கே போகிறது? பலரும் துணைக்கோள் அலைவாங்கியின் மீது பழி போடுகிறார்கள். பெரும்பங்கு திரைக்கும், அசையும் படங்களை ஓயாமல் வரையும் கணிப்பானுக்குமே போகிறது. வெயிலில் படம் தெரிய வேண்டுமானால் திரை முழு ஒளியுடன் எரிந்தாக வேண்டும். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு மாலை இதை அளந்து பார்த்தேன். என் கைபேசியின் மின்கலம் 5000 மில்லி ஆம்பியர்-மணி. சராசரி அழுத்தம் 3.85 வோல்ட். பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி. திரையைத் திறந்தபடி ஒரு மணி நேரம் நடந்ததில் 18 சதவீதம் குறைந்தது. அதாவது ஏறக்குறைய மூன்றரை வாட். மறுநாள் அதே பாதையில் விளையாட்டை மூடி, கைபேசியைச் சட்டைப்பையில் போட்டு நடந்தேன். குறைந்தது 3 சதவீதமே. நடந்த தூரமோ கணக்கில் ஏறியிருந்தது! 2018-இல் சேர்க்கப்பட்ட 'Adventure Sync' என்னும் வசதியே இதற்குக் காரணம். கைபேசியின் முடுக்கமானி நம் அடிகளை எண்ணி வைக்க, விளையாட்டைத் திறந்ததும் அது தூரமாக வரவு வைக்கப்படுகிறது.

இணையச் செலவைப் பற்றிய அச்சம் வீண். விலங்குகளின் உருவங்களைக் கைபேசியிலேயே சேமித்து வைக்கலாம். அப்புறம் வழியில் வருவது 'இன்ன இடத்தில் இன்ன விலங்கு' என்ற சிறு செய்திதான். எனக்கு மணிக்கு 20 மெகாபைட்டைத் தாண்டவில்லை. புதிய பதிப்பை இறக்கும்போதுதான் செலவு மிகுதி. அதை வீட்டு இணைப்பில் செய்துகொள்ளலாம்.

இவ்விளையாட்டின் மெய்யான குறை வேறு. நடக்கச் சொல்லிவிட்டு, நடக்கும்போதே திரையைப் பார்க்கவும் தூண்டுகிறது. காந்திபுரம் மேம்பாலத்தின் அடியில் நின்று பாருங்கள். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய அலைகள் கட்டடங்களில் பட்டுத் திரும்பி வருகின்றன. ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு தாமதம் என்றால், ஒளியின் வேகத்தில் அது 30 மீட்டர். அப்போது நிற்பவரின் பொம்மை அடுத்த தெருவில் உலாவும். எங்கே இருக்கிறோம் என்று அறிய அவர் மேலும் உற்றுப் பார்ப்பார். இரண்டு விநாடி பார்த்தால் போதும், மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் பேருந்து 22 மீட்டர் நெருங்கிவிடும். அதற்குள் நாம் இரண்டு மூன்று மீட்டர் நடந்து, நடைமேடையை விட்டுச் சாலையில் இறங்கியிருப்போம்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஃபாச்சியோ, மெக்கானல் என்னும் இருவர், இண்டியானா மாநிலத்தின் டிப்பெகனூ மாவட்டத்தில் நடந்த சாலை விபத்துகளை ஆராய்ந்தார்கள். விளையாட்டு வெளியான பின், பரிசுப் பொருள் கிடைக்கும் 'போக்கிஸ்டாப்' இடங்களை அடுத்து விபத்துகள் கூடியிருந்தன. வண்டி ஓட்டிக்கொண்டே போகிற போக்கில் பரிசை எடுக்க முடிந்ததுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு. பின்னர் விளையாட்டில் வேகத் தடை கொண்டுவரப்பட்டது. நம் இருசக்கர வண்டியோட்டிகள் அதையே நம்பியிருக்கலாகாது. சிக்னலில் நிற்கும் வண்டிக்கு வேகம் இல்லையல்லவா?

இரவில் திரும்புவோர், குறிப்பாகப் பெண்கள், இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஆளரவமற்ற இடத்திலும் அரிய விலங்கு தோன்றும். அங்கே மின்கலம் தீர்ந்தால் வீட்டுக்குப் பேசவும் வழியில்லை. மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே நிறுத்திவிடுவது என் வழக்கம்.

அந்த மாணவர் இப்போது ரயிலில் விளையாட்டைத் திறப்பதில்லை. நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஒன்றரை கிலோமீட்டர். போக வர மூன்று. கைபேசி பையில் இருக்க, 10 கிலோமீட்டர் முட்டை நான்காம் நாள் பொரிந்துவிடுகிறதாம்.