‘ஆமா’ என்பது சம்மதமா?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) வெளிவந்தபோது, தெலங்கானாவில் 84 விழுக்காட்டுப் பெண்கள் மனைவியை அடிப்பதை நியாயப்படுத்துவதாகச் செய்திகள் வந்தன. ‘பொம்பளைங்களே ஒத்துக்கிறாங்களே’ என்ற ஏளனமும் கூடவே வந்தது. அந்த எண் எப்படிக் கிடைத்தது?

சொல்லாமல் வெளியே போனால், பிள்ளைகளைக் கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், சரியாகச் சமைக்காவிட்டால் என ஏழு காரணங்களை அடுக்கி, கணவன் அடிப்பது நியாயமா என்று கேட்கிறார்கள். ஏழும் ஒரே திசையில் போகிற கேள்விகள். ஒன்றுக்கு ‘ஆமா’ சொன்னாலே அவள் நியாயப்படுத்துகிறவள் கணக்கில் சேர்ந்துவிடுவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்பில் வேறோர் ஆய்வுக்காக இதே மாதிரிக் கேள்விகளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் எல்லாவற்றுக்கும் ‘ஆமாக்கா’ என்றாள். சந்தேகம் வந்து, “என்ன நடந்தாலும் பொண்டாட்டிய அடிக்கக் கூடாது, சரியா?” என்று திருப்பிக் கேட்டேன். அதற்கும் ‘ஆமாக்கா’தான். நோட்டும் பேனாவுமாக வருகிறவர்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் சொல் அது. அதை நான் கருத்தாகக் குறித்துக்கொண்டிருந்தேன்.

இதே கேள்விகளுக்கு இமாச்சலத்தில் கிடைத்தது 15 விழுக்காடுதான். ஆகவே 84-ஐ முழுக்கத் தலையாட்டல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதில் எவ்வளவு தலையாட்டல், எவ்வளவு நம்பிக்கை என்று பிரிக்க அந்த ஏழு கேள்விகளில் வழியில்லை. பாதிக் கேள்விகளை எதிர்த்திசையில் வைத்திருந்தால் இரண்டுக்கும் ‘ஆமா’ சொல்கிறவர்கள் தெரிந்திருப்பார்கள். ‘ஒருத்தி இப்படிச் சொல்கிறாள், இன்னொருத்தி அப்படிச் சொல்கிறாள், நீங்கள் யார் பக்கம்?’ என்று கேட்டால் ‘ஆமா’வுக்கே இடமிருக்காது.

அவளிடமே, “உன்ன அடிச்சிருக்காரா?” என்றேன். ‘ஆமா’ நின்றுபோனது. வாசலில் இருந்த மாமியாரைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்ல அதெல்லாம் இல்லக்கா” என்றாள். இது வேறு பிழை: குடும்ப மானத்துக்குப் பொருந்துகிற பதில். இந்த இடத்தில் தேசிய ஆய்வு என்னைவிடக் கவனமானது. வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில் கேட்கிறார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடுகிறார்கள். ‘வன்முறை’ என்று சொல்லாமல் அறைந்தாரா, தள்ளினாரா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்கிறார்கள்.

தனிமையிலும் வாய் திறக்காதவர்களுக்குப் பட்டியல் முறை இருக்கிறது. ஒரு குழுவுக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள். இன்னொரு குழுவுக்கு அவற்றோடு ‘கணவர் அடித்திருக்கிறார்’ என்பதும் சேரும். எவை பொருந்தும் என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று சொன்னால் போதும். சராசரி முதல் குழுவில் 2.1, இரண்டாவதில் 2.4 என்றால் அடிபட்டவர்கள் சுமார் 30 விழுக்காடு. கேரளத்தில் இப்படிக் கேட்டு 2017-இல் வெளியான ஆய்வு, நேரடிக் கேள்வியில் குடும்ப வன்முறை 9 புள்ளிகளுக்கு மேல் மறைவதாகக் கண்டது. பேருந்துச் சீண்டலில் அப்படி மறைவு ஏதும் பெரிதாக இல்லை. வெட்கம் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கு நூற்றுக்கணக்கான பெண்கள் வேண்டும். அடிபட்டவள் யார் என்றும் அது சொல்லாது. சில வீடுகளே உள்ள குடியிருப்பில் அது உதவாது. அன்று நான் செய்திருக்க வேண்டியது, மாமியார் இல்லாத நேரத்தில் மறுபடி போவது. போகவில்லை. என் படிவத்தில் அவள் இன்னும் அடியை நியாயப்படுத்துகிறவள், அடிபடாதவள்.