எழுபத்தெட்டு இரவுகள்

நைட் டூட்டி யாருக்கு அதிகம் என்ற மனத்தாங்கல் வந்தால், வருடக் கடைசியில் தலைக்கு எத்தனை என்று எண்ணினால் போதும் என்பார்கள். போதுமா என்று ஒரு கற்பனைக் கணக்கில் சோதிக்கலாம். திருமயம் போன்ற தாலுகா ஊர் மருத்துவமனையில் ஒரு வார்டு, ஆறு செவிலியர்கள், இரவுக்கு ஒருவர். 365 இரவுகளும் 78, 70, 64, 62, 61, 30 என்று பிரிந்திருக்கின்றன.

முதலில் கண்ணில் படுவது அந்த 30. சலுகை பெற்றவர் என்று அவரைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் அவர் பேறுகால விடுப்பில் இருந்ததால் ஆறு மாதமே வேலை பார்த்தவர். ஆகவே ஆளால் வகுக்கக் கூடாது, பணியில் இருந்த மாதங்களால் வகுக்க வேண்டும். ஐவருக்குப் பன்னிரண்டு, ஒருவருக்கு ஆறு, ஆக 66 மாதங்கள். மாதத்துக்கு ஐந்தரை இரவு. முழு ஆண்டு இருந்தவரின் பங்கு 66, விடுப்பில் இருந்தவருடையது 33. மூன்று இரவுதான் குறைவு. 61 பார்த்தவருக்கோ ஐந்து குறைவு.

இனி 78. பங்கைவிடப் பன்னிரண்டு கூடுதல். சீட்டுக் குலுக்கினாலும் இவ்வளவு ஏற்றத்தாழ்வு வரலாம் என்று சமாதானம் சொல்வதை நான் ஏற்கவில்லை. டூட்டி லிஸ்ட் குலுக்கலில் வருவதல்ல, ஒருவர் உட்கார்ந்து எழுதுவது. நைட்டை ஆறாறு நாளாகப் போடும் இடத்தில் ஒரு சுற்று முன்பின் ஆவதைத் தவிர்க்க முடியாது. மற்ற ஐவரும் அந்த ஆறுக்குள் நிற்கிறார்கள். இவருக்கு மட்டும் இரண்டு சுற்று மிகுதி.

எழுதியவர் மீது குற்றம் சொல்லுமுன் இரண்டு ஏடுகளையும் தனித்தனியே எண்ண வேண்டும்: போட்ட லிஸ்ட் ஒன்று, வருகைப் பதிவேடு மற்றொன்று. லிஸ்டில் 66, பதிவேட்டில் 78 என்றால், பிறருடைய இரவுகளை இவர் மாற்றி வாங்கியிருக்கிறார். விரும்பி வாங்கினாரா, மறுக்க முடியாமலா என்பதை எண் சொல்லாது. அவரிடமே கேட்க வேண்டும். லிஸ்டிலேயே 78 இருந்தால் பொறுப்பு எழுதியவருடையது.

எந்த ஷிப்ட் வேண்டாத ஷிப்ட் என்பதையும் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவருக்கு, இரவு எட்டு மணிக்கு முடியும் மதிய டூட்டி நைட்டைவிடச் சிரமமாக இருக்கலாம். அதற்குத் தனிப் பத்தி வேண்டும். தீபாவளி, பொங்கல் இரவுகளுக்கும் தனிப் பத்திதான். ஆனால் அவை ஆண்டுக்கு இரண்டு மூன்றே; ஆறு பேருக்குள் ஒரு வருடத்தில் சமமாகாது, அடுத்த வருட ஏட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே தலைக்கு எத்தனை என்ற வெறும் கூட்டுத்தொகையைத் தள்ளுகிறேன். அது 30 பார்த்தவரைத் தவறாகக் குற்றவாளியாக்கியது. மாதத்தால் வகுத்து, இரண்டு ஏட்டிலும் எடுத்த எண்ணிக்கையை ஏற்கிறேன். லிஸ்டிலேயே மிகுதி இருந்தால், 78 பார்த்தவருக்கு அடுத்த ஆண்டின் முதல் இரண்டு சுற்றுகளைப் போடக் கூடாது.