இரகசிய ஒப்பந்தம் காக்கும் எல்லை

சொந்தத் தொழிற்சாலை இல்லாத சிறிய ஆடை பிராண்டுகள் திருப்பூரில் ஆர்டர் கொடுக்கும்போது, டெக் பேக்கைக் கைமாற்றும் முன் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதுண்டு. அளவு, துணியின் ஜிஎஸ்எம், பிரிண்ட், தையல் விவரம் எல்லாம் டெக் பேக்கில்தான் இருக்கும்.

இந்த நடைமுறையின் வலிமை, சரக்கு கடைக்கு வரும்வரையிலான காலத்தில் தெரிகிறது. வணிக இரகசியத்துக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாததால், ஒப்பந்தமே முதன்மையான பிடிமானம். மேலும், 2000ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டப்படி, ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்ட வடிவமைப்பைப் பதிவு செய்ய முடியாது. ஆனால் நம்பிக்கையின் பேரில் தொழிற்சாலைக்குக் காட்டியதை, அது நம்பிக்கையை மீறி வெளியிட்டாலும் பதிவுரிமை கெடுவதில்லை. நம்பிக்கையின் பேரில்தான் காட்டப்பட்டது என்பதற்கு அந்தக் கையெழுத்து சான்றாகிறது.

முதல் குறை, சரக்கு கடைக்கு வந்ததும் இரகசியம் முடிந்துவிடுவது. பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50க்கு மேற்பட்ட உருப்படிகளைத் தயாரித்தால், அதற்கான பதிப்புரிமையும் போய்விடும். 500 டீ-சர்ட் கொண்ட சிறிய ஆர்டரே இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. பதிவு செய்திருந்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

அடுத்த குறை உரிமை பற்றியது. பிராண்டு தருவது பெரும்பாலும் ஒரு படமும் அளவுப் பட்டியலும்தான். பேட்டர்ன் வெட்டுவது தொழிற்சாலையின் பேட்டர்ன் மாஸ்டர், ஸ்கிரீன் போடுவது பிரிண்டிங் யூனிட். இவை யாருக்குச் சொந்தம் என்று இரகசிய ஒப்பந்தம் பெரும்பாலும் சொல்வதில்லை. பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வடிவமைப்பு, சொன்னவருக்கே உரியது என்கிறது வடிவமைப்புகள் சட்டம். ஆனால் சாம்பிளை இலவசமாகச் செய்து தந்திருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். பதிப்புரிமையை மாற்றித் தரவோ எழுத்தும் கையொப்பமும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே.

மூன்றாவது குறை மிச்சச் சரக்கு. 500 உருப்படிக்கான ஆர்டரில் சேதாரத்துக்காக 525 வெட்டப்பட்டதாகக் கொள்வோம். கணக்குப்படி 500 போனபின் மிஞ்சும் 25, செகண்ட்ஸ் உட்பட, காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகலாம். தகவல் எதுவும் கசியாததால், இரகசியத்தை மட்டும் பேசும் ஒப்பந்தம் இங்கே மீறப்படவில்லை. மிச்சத்தை பிராண்டே வாங்கிக்கொள்ளும், இல்லையேல் லேபிளை நீக்கியே விற்க வேண்டும் என்ற விதி ஆர்டரிலேயே இருக்க வேண்டும். ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் செயலுக்கும் தொழிற்சாலையே பொறுப்பு என்பதையும் சேர்க்க வேண்டும்.

இவற்றை விட்டுவிட்டுப் பெரிய அபராதத் தொகையை எழுதுவதால் பயன் குறைவு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். இதுபோன்ற ஆடையை வேறு யாருக்கும் எக்காலத்திலும் தைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் 27ஆம் பிரிவின்முன் நிற்பது கடினம்.

ஆகவே இரகசிய ஒப்பந்தம் தேவையானதே, ஆனால் அது முதல் கட்டத்துக்கு மட்டுமே போதும். டெக் பேக் அனுப்பும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்து, விற்பனைக்கு வரும் முன் வடிவமைப்புப் பதிவு, பேட்டர்ன், ஸ்கிரீன், மிச்சச் சரக்கு ஆகியவற்றின் உரிமை ஆர்டரில் என்ற வரிசையே பொருந்தும். சிறிய ஆர்டருக்கு நீண்ட ஆவணத்தைத் தொழிற்சாலை ஏற்பது அரிது என்பதால், இந்த விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்குவது நல்லது.