வாலில் இருக்கிறது அழுத்தம்

இலங்கை அரசு 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தபோது, ஆங்கிலத்தை நம் பாணியில் பேசுவோம் என்ற முழக்கமும் கூடவே வந்தது. உச்சரிப்பைக் கேலி செய்வார்களே என்று அஞ்சி வாய் திறக்காத சிலாபத்து மாணவருக்கு அது தேவையான துணிச்சலைக் கொடுத்தது. இலண்டன்காரரைப் போல நாக்கைச் சுழற்றத் தேவையில்லை என்பதும் சரிதான். ஆனால் அந்த நியாயத்தோடு ஒட்டிக்கொண்டு ஓர் அலட்சியமும் உள்ளே வந்துவிட்டது. நீண்ட சொல்லில் எந்த அசையை அழுத்தினாலும் ஒன்றுதான் என்பதே அது.

இதற்கு அறிஞர் ஆதரவும் உண்டு. உலகப் பொதுமொழியாக ஆங்கிலம் பேசுவோருக்கு எந்த ஒலிகள் கட்டாயம் என்று 2000இல் வரையறுத்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், சொல்லழுத்தத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் விதிகள் கற்பிக்க முடியாத அளவுக்குச் சிக்கலானவை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. அங்கே ‘ஓ’ முழுதாக ஒலிக்கிறது. அடுத்த ‘டோ’ அழுத்தமின்றித் தேய்ந்து, அரைகுறை ‘அ’ ஆகிவிடுகிறது. இதே சொல் புகைப்படக் கலையைக் குறிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. இப்போது தேய்வது முதல் அசை. காதில் விழுவது ஏறத்தாழ ‘ஃபட்டொக்ரஃபி’. ‘ஃபோட்டோ’ என்று தனியாக எடுக்க அதில் எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் ‘இக்’ சேர்த்தால் அழுத்தம் மூன்றாம் அசைக்குத் தாவி, முதல் ‘ஓ’ திரும்பி வந்துவிடுகிறது.

தமிழ்க் காது இதை எதிர்பார்ப்பதில்லை. ‘வீடு’ என்பதோடு எத்தனை உருபைச் சேர்த்தாலும் ‘வீ’ அப்படியே நிற்கும். ‘வீட்டிலிருந்தும்’ என்று நீட்டினாலும் முதல் நெடில் குறுகாது. அந்தப் பழக்கத்தில் போட்டோவோடு ‘கிராபி’யை ஒட்டினால் போதும் என்று நாக்கு நம்பிவிடுகிறது. எழுத்தும் துணைபோகிறது. தேய்ந்த ‘அ’வுக்குத் தமிழில் தனி எழுத்தில்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி மனனம் செய்பவருக்கு எல்லா அசையும் ஒரே எடையில்தான் கிடைக்கிறது.

டியூசன் வகுப்புகள் அழுத்தத்தை அடியோடு விட்டுவிடுவதில்லை. முன்னசையை அழுத்தினால் ‘ரெக்கோட்’ பெயர்ச்சொல், பின்னசையை அழுத்தினால் ‘ரிக்கோட்’ வினை என்று ஒரு ஜோடிப் பட்டியல் தருகிறார்கள். பொருளே மாறுவதால் பட்டியல் சுவையானது. ஆனால் அத்தகைய ஜோடிகள் குறைவு. அவற்றில் தவறினாலும் வாக்கிய அமைப்பே பொருளைக் காட்டிக் கொடுத்துவிடும். உண்மையான சேதம் நீண்ட சொற்களில்தான். இத்தாலிக்குப் போகும் சிலாபக் கரையோர மக்கள் கற்கும் இத்தாலிய மொழியிலும் அழுத்தம் உண்டு. ‘ஆங்கோரா’ என்ற சொல்லில் முதலசையை அழுத்தினால் நங்கூரம், இரண்டாவதை அழுத்தினால் ‘இன்னும்’. ஆனால் அங்கே எந்த உயிரும் தேய்ந்து மறைவதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் நகர்ந்தால் சொல்லின் முகமே மாறிவிடுகிறது. அழுத்தம் என்றால் உரக்கச் சொல்வது என்று மட்டும் கற்பிக்கும் வகுப்பு பாதிப் பாடத்தோடு நின்றுவிடுகிறது.

விதிகள் சிக்கலானவை என்ற வாதமும் நீண்ட சொற்களிடம் தோற்கிறது. அங்கே அழுத்தத்தைத் தீர்மானிப்பது சொல்லின் வால். ‘கிராஃபி’, ‘லொஜி’, ‘கிரசி’, ‘மெட்ரி’ என முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாம் அசை. ‘இக்’, ‘ஷன்’ என முடிந்தால் அதற்கு முந்திய அசை. ‘டெமக்ரட்’, ‘டிமொக்ரசி’, ‘டெமக்ராட்டிக்’ மூன்றும் புகைப்படச் சொற்களின் தடத்திலேயே நடக்கின்றன. விதிவிலக்குகள் உண்டு. மறைமாவட்டத் தலைமையிடமான சிலாபத்தில் அடிக்கடி காதில் விழும் ‘கத்தலிக்’ அவற்றுள் ஒன்று. அதில் அழுத்தம் முதலசையில். ஆனால் விதிவிலக்குகளை ஒரு தாளில் எழுதிவிடலாம். இதைக் கற்பிக்க முடியாது என்பது ஆராய்ச்சி முடிவைவிடச் சலிப்பின் குரலாகவே ஒலிக்கிறது.

தாய்மொழிக்காரருக்கு மட்டுமே அழுத்தம் முக்கியம் என்பதும் நிற்காது. ஜான் ஃபீல்ட் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் இடம் மாறிய சொற்களை அடையாளம் காண ஆங்கிலேயரோடு பிறமொழியினரும் திணறினர். அழுத்தம் பின்னசைக்கு நகர்ந்தபோதுதான் இடர் அதிகம். தமிழர் வழக்கமாக முன்னே இழுப்பதால் பாதிப்பு ஓரளவு குறையலாம். ஆனால் இந்தச் சலுகை பேசும்போதுதான், கேட்கும்போது இல்லை. உயர்தரம் வரை தமிழில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிக்கப் போகும் மாணவி ‘குரோமட்டோகிராபி’யை எழுத்தில் நன்கு அறிவாள். வெளிநாட்டு விரிவுரைக் காணொளியில் ‘க்ரோமட்டொக்ரஃபி’ என்று கேட்டதும் அது வேறேதோ சொல் என்று தடுமாறுகிறாள். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் கொழும்புப் பிள்ளைக்கு இந்தத் தேய்வு காதாலேயே வந்துவிடும். சிலாபத்துப் பிள்ளைக்கு அது வகுப்பறையில் மட்டும்தான் கிடைக்கக்கூடும். நம் பாணி என்று சொல்லி அங்கேயும் அதை மறுப்பவர்கள், யாருக்காக முழங்குவதாகச் சொல்கிறார்களோ அவர்களிடமிருந்தே பறிக்கிறார்கள்.