எட்டு பிட்டுக்குள் 843

தொலைபேசிக் குரல் ஒன்றின் விலை நொடிக்கு 64,000 பிட். பாடப்புத்தகத்தில் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: நொடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட், பெருக்கினால் 64,000. கணக்கு சரிதான். ஆனால் அந்த எட்டு பிட்டுக்குள் செய்து வைத்திருக்கும் வேலைப்பாட்டைப் பாராமல் அடுத்த பக்கத்துக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. பல்ஸ் கோட் மாடுலேஷன், சுருக்கமாக பிசிஎம், என்ற இந்த முறையை ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் பாரிஸில் வேலை பார்த்தபோது 1937-இல் கண்டுபிடித்தார். அன்றைய வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அதைக் கட்டுப்படியாகும் செலவில் செய்ய முடியவில்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான், 1962-இல், அமெரிக்காவில் பெல் நிறுவனம் அதைத் தொலைபேசிக் கம்பியில் ஓடவிட்டது. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் நிலைத்தது அதன் ஏ-லா என்ற வடிவம். நான் சுவைக்கச் சொல்வது அதைத்தான்.

முதலில் சாம்பிளிங். குரலின் மின்னலையை 125 மைக்ரோநொடிக்கு ஒருமுறை தொட்டு, அந்தக் கணத்தில் அதன் உயரம் என்ன என்று மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். தொலைபேசியில் போகும் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. மேல் எல்லையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 6,800 மாதிரிகள் எடுத்தால் போதும் என்று கோட்பாடு சொல்லும். பின் ஏன் 8,000? எந்த வடிகட்டியும் 3,400-இல் கத்தி வைத்து வெட்டியதுபோல நின்றுவிடாது; மெல்ல மெல்லத்தான் அடங்கும். வடிகட்டியில் தப்பி வரும் உயர்ந்த அதிர்வெண்கள் 8,000-இலிருந்து கழிந்து கீழே மடங்கி விழுகின்றன. 'பஸ்' என்று சொல்லும்போது அந்த 'ஸ்' ஒலியில் 5,000 ஹெர்ட்ஸ் தாராளமாக உண்டு. வடிகட்டாமல் விட்டால் அது 3,000 ஹெர்ட்ஸாக மாறி, நடுக்குரலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எந்தக் கருவியாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. 8,000 மாதிரிகள் எடுக்கும்போது குரல் எல்லைக்குள் மடங்கி விழுவது 4,600-க்கு மேலே இருப்பவைதான். ஆகவே 3,400-இலிருந்து 4,600 வரை வடிகட்டி ஆற அமர அடங்கலாம். அந்த இடைவெளிக்காகத்தான் கூடுதல் மாதிரிகள். இதற்குக் கொடுக்கும் விலையும் நமக்குத் தெரிந்ததே. 'ஸ்', 'ஃப்' இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் உயர்ந்த ஒலிகளும் வடிகட்டியோடு போய்விடுகின்றன. லேண்ட்லைனில் இனிஷியல் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று கேட்க, "சேலம் எஸ்" என்று விளக்க வேண்டியிருந்தது அதனால்தான்.

அடுத்தது குவாண்டைசிங். இங்கேதான் நான் நெடுநேரம் நிற்க விரும்புகிறேன்.

மாதிரியின் உயரம் எந்த மதிப்பாகவும் இருக்கலாம். 8 பிட்டில் எழுதக்கூடியவையோ 256 படிகள்தான். மிக உரத்த ஒலியின் உயரத்தை 4,096 என்று வைத்துக்கொள்வோம். கூட்டல் பக்கத்துக்கு 128 படி, கழித்தல் பக்கத்துக்கு 128 படி என்று சமமாகப் பிரித்தால் ஒரு படியின் அகலம் 32. உயரம் 4,000 உள்ள ஒரு மாதிரி ஒரு படிக்குள் விழுந்து, மறுமுனையில் அந்தப் படியின் நடுப்புள்ளியாகத் திரும்பி வரும்போது பிழை 16-ஐத் தாண்டாது. நாலாயிரத்தில் பதினாறு யார் காதுக்குத் தெரியப்போகிறது? ஆனால் மெல்லப் பேசுபவரின் மாதிரி 37 என்றால், அது 32-க்கும் 64-க்கும் நடுவே விழுந்து 48 ஆகத் திரும்பி வரும். முப்பத்தேழில் பதினொன்று பிழை. வாக்கியத்தின் கடைசியில் தணிந்து போகும் குரல் முழுக்கக் கரகரத்துவிடும். சரி, படியை 2 அகலத்துக்குக் குறுக்கினால்? 4,096 படிகள் வேண்டும். அதற்கு 12 பிட்; நொடிக்கு 96,000.

நகைக்கடைத் தராசில் ஒரு கிராம் பிசகினால் சண்டை வரும். லாரி எடைமேடையில் ஐந்து கிலோ பிசகினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். காதும் பிழையை அப்படித்தான் எடை போடுகிறது. மெல்லிய ஒலியில் சிறு பிழையும் உறுத்தும். உரத்த ஒலி தன் பிழையைத் தானே மூடிக்கொள்ளும். ஆகவே படிகளைச் சமமாக வைக்க வேண்டியதில்லை. பூஜ்யத்துக்கு அருகே நெருக்கமாகவும், மேலே போகப் போக அகலமாகவும் வைக்கலாம். ஏ-லாவில் முதல் படிகளின் அகலம் 2. 64-ஐத் தாண்டினால் 4, 128-ஐத் தாண்டினால் 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், 2,048-க்கு மேல் படி அகலம் 128 ஆகிவிடுகிறது. இப்படிக் கூட்டல் பக்கம் எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் 16 படிகள். ஏ-லாவின் சூத்திரத்தில் 87.6 என்று ஒரு எண் வரும். எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தராத எண் அது. அதைச் சூத்திரத்தில் போட்டு, பூஜ்யத்துக்கு அருகே வளைவின் சரிவைக் கணக்கிட்டால் 16 வருகிறது. அங்கே படிகள் சமப்படியைவிடப் பதினாறு மடங்கு நுண்மை. 32 அகலம் 2 ஆனது அதனால்தான்.

இனி என்கோடிங். 843 உயரமுள்ள ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 12 பிட்டில் எழுதினால் அது இப்படி இருக்கும்:

```
843  = 001101001011
குறி       = 1     (கூட்டல்)
பகுதி      = 101   (5)
படி        = 1010  (10)
குறியீடு    = 1 101 1010
```

பன்னிரண்டு இலக்கத்தில் முதல் 1-க்கு முன்னால் இரண்டு பூஜ்யங்கள் இருக்கின்றன. ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் ஐந்து. அதுவே பகுதி எண். மாதிரி 512-க்கும் 1,024-க்கும் இடையே இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. பகுதி எண் தெரிந்தாலே அந்த முதல் 1 எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுவதால், அதை அனுப்பவே வேண்டாம். அதற்கு அடுத்த நான்கு இலக்கங்களை, 1010, அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சமுள்ள 01011-ஐ விட்டுவிடுகிறார்கள். மறுமுனையில் அந்த இடத்தில் 10000, அதாவது படியின் நடுப்புள்ளி, வைக்கப்படுகிறது. திரும்பி வருவது 848. பிழை 5.

அதே முறையில் 37-ஐ எழுதினால் 000000100101. ஆறு பூஜ்யங்கள், பகுதி எண் 1, அடுத்த நான்கு இலக்கங்கள் 0010, குறியீடு 1 001 0010. திரும்பி வருவது 37-ஏதான். 32-க்குக் கீழே மட்டும் சின்ன விதிவிலக்கு: அங்கே விடுவதற்கு முதல் 1 இருக்காது, படி அகலமும் 2-ஆகவே நின்றுவிடும். மற்ற எல்லா இடத்திலும் மிக மோசமான பிழைகூட மாதிரியின் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்குள் அடங்கும், குரல் உரத்ததோ மெல்லியதோ. லாகரிதம் என்று பெயர் சொன்னாலே கனக்கிற ஒரு கணக்கை, பூஜ்யங்களை எண்ணி நான்கு இலக்கத்தை நகலெடுக்கும் வேலையாக இறக்கி வைத்திருக்கிறார்கள். நான் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைத்திறனை வியக்கிறேன்.

குறியீடு கம்பியில் ஏறுவதற்கு முன் இன்னொரு காரியமும் நடக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு பிட்டைத் தலைகீழாக்குகிறார்கள். 11011010 என்பது 10001111 ஆகிவிடும். இது எதற்கு? கம்பியில் 1 என்றால் ஒரு துடிப்பு. 0 என்றால் ஒன்றுமில்லை. வழியில் உள்ள ரிப்பீட்டர்கள் அந்தத் துடிப்புகளைக் கொண்டுதான் நேரம் பிடிக்கின்றன. உரையாடலில் ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா இருப்பார். சும்மா இருக்கும் குரலின் குறியீடோ 10000000. ஏழு பூஜ்யங்கள். அப்படியே அனுப்பினால் மௌனம் நீள நீள ரிப்பீட்டருக்குப் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். தலைகீழாக்கினால் அது 11010101 ஆகிறது; மௌனத்திலும் துடிப்பு குறையாது.

கருவியில் பதிவான பிட்டுகளைத் திரையில் பார்ப்பவர்களுக்கு இதனால் ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. பேச்சில்லாத இடத்தில் `D5`, `55` என்று ஓடினால் அது ஏ-லா. `FF`, `7F` என்று ஓடினால் அமெரிக்காவும் ஜப்பானும் எடுத்துக்கொண்ட மியூ-லா. இரண்டும் ஜி.711 என்ற ஒரே தரத்துக்குள் இருப்பவை. இரண்டுக்கும் 64,000 பிட்டே. வேகம் ஒன்றாக இருப்பதால், அமைப்பில் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிட்டாலும் இணைப்பு கிடைக்கும், பேச்சும் ஓரளவு புரியும். ஆனால் மௌனம் மௌனமாக இருக்காது. மியூ-லா மௌனமான `FF`-ஐ ஏ-லாவாகப் பிரித்தால் 106 வருகிறது. `7F`-ஐப் பிரித்தால் கழித்தல் 106. பூஜ்யத்தை ஒட்டித் தடுமாறிக்கொண்டிருக்க வேண்டிய கோடு இந்த இரண்டுக்கும் இடையே துள்ளும். யாரும் பேசாதபோதும் காதில் ஓர் அரம் ராவினால் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். நாடு விட்டு நாடு அழைக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பொறுப்பு மியூ-லா நாட்டுடையது என்று தரமே சொல்லிவிட்டது.

ஒரு கம்பியில் இப்படிப்பட்ட குரல்கள் முப்பது சேர்ந்து போகும். 125 மைக்ரோநொடியை 32 பங்காக்கி, இரண்டை ஒத்திசைவுக்கும் சிக்னலுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். 32 × 64,000 = 20,48,000; இ1 தடம் என்பது அதுதான்.

குரலுக்காக வெட்டிய இந்தப் படிகளில் பின்னால் இணையமும் ஏறி வந்தது. 1998-இல் வந்த வி.90 மோடம், எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் 8 பிட் குறியீடுகளையே தரவாக வைத்துக்கொண்டது. நொடிக்கு 8,000 குறியீடு என்றால் 64,000 பிட் கிடைத்திருக்க வேண்டும். மோடத்தின் மேல் எழுதியிருந்ததோ 56. பூஜ்யத்தை ஒட்டிய படிகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். வீட்டுக்கு வரும் கம்பியின் இரைச்சலில் ஒன்றையும் அடுத்ததையும் மோடத்தால் பிரித்தறிய முடியவில்லை. தவிர, அமெரிக்கத் தடங்களில் ஆறு சட்டகத்துக்கு ஒருமுறை கடைசி பிட்டைச் சிக்னலுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 256-இல் பாதிப் படிகளை மட்டும் நம்பி, குறியீட்டுக்கு ஏழு பிட் என்று எடுத்துக்கொண்டார்கள்: 7 × 8,000 = 56,000. மெல்லிய குரலைக் கரகரக்காமல் காத்த அதே நெருக்கமான படிகள்தாம் டயல்-அப் வேகத்துக்கு வரம்பு போட்டவற்றில் ஒன்று.