மரப்பாச்சிக்குப் புடவை கட்டும் செயலி

அத்தையிடம் இருந்தது ஒரே ஒரு துண்டுப் பட்டு. கல்யாணப் புடவை நைந்து கிழிந்தபோது தலைப்புப் பக்கத்திலிருந்து தப்பித்த ஒரு முழத் துணி. அரக்கு நிறம், ஓரத்தில் 3 சென்டிமீட்டர் சரிகை. கொலுவுக்கு மரப்பாச்சி ஜோடியை இறக்கியவர், பெண் பொம்மைக்கு இதை வெட்டிக் கட்டலாமா, இல்லை இலைப்பச்சைப் பருத்திக் கைக்குட்டை போதுமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். “வெட்டிட்டா வெட்டினதுதான்டா. ஒன்னோட போன்ல போட்டுப் பாத்துச் சொல்லு” என்றார்.

போட்டோவில் இருக்கும் ஆளுக்கு உடை மாற்றிக் காட்டும் செயலிகள் இப்போது நிறைய. பொம்மைக்கும் மாற்றுவோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றைப் போனிலும், மாஸ்க் வரைந்து வேலை செய்யும் ஒரு மென்பொருளைக் கணினியிலும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்தேன்.

முதலில் போன் செயலி. படத்தைக் கொடுத்து, “இந்த மர பொம்மைக்கு அரக்குப் பட்டுப்புடவை கட்டு” என்று தமிழிலேயே எழுதினேன். இருபது விநாடியில் வந்த படத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. மயில்கழுத்து மாதிரி மினுங்கும் பட்டு, ஏழெட்டு மடிப்புக் கொசுவம், தோளில் வழியும் தலைப்பு. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “புடவை நன்னா இருக்கு. ஆனா இது நம்ம பொம்மை இல்லடா. மூஞ்சி யாரோ.”

அவர் சொன்னது சரி. செம்மரத்தில் உளி விட்ட கோடுகள் கன்னத்திலிருந்து காணாமல் போயிருந்தன. மூக்கு கூர்ந்திருந்தது, உதட்டில் ஈரம் தெரிந்தது. உடம்போடு ஒட்டிச் செதுக்கிய கை, முழங்கையில் மடங்கி ஐந்து விரலோடு முந்தானையைப் பிடித்திருந்தது. மரப்பாச்சிக்கு ஏது முழங்கை?

இதற்குக் காரணம் உண்டு. இந்த வகை மாடல்களில் பல, படத்தை அப்படியே கையாள்வதில்லை. முதலில் சுருக்கி, 8-க்கு 8 பிக்சல் கொண்ட சதுரங்களை ஒவ்வொரு கட்டமாக்கிக்கொண்டு, அந்தக் கட்டங்களில்தான் வரைகின்றன. நான் எடுத்த படத்தில் பொம்மையின் கண் 40 பிக்சல் அகலம். படம் 1024 பிக்சலுக்குச் சுருங்கும்போது அது 17 பிக்சலாகி, ஏறக்குறைய இரண்டே கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு கட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மறுபடி வரையச் சொன்னால், இதுவரை தான் பார்த்த ஆயிரமாயிரம் மனிதக் கண்களிலிருந்து ஒன்றைத்தான் மாடல் போடும். புடவை கட்டியது பெண் என்றால் தோல், விரல், இமை எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. “முகத்தை மாற்றாதே” என்று எழுதிப் பார்த்தேன். மாற்றம் குறைந்தது, நிற்கவில்லை.

கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூலப் படத்தையும் வந்த படத்தையும் ஜிம்ப் போன்ற மென்பொருளில் மேலும் கீழுமாக இரண்டு லேயராக வைத்து, மேல் லேயரின் மோடை `Difference` என்று மாற்றுங்கள். மாறாத இடம் கறுப்பாகத் தெரியும், மாறிய இடம் வெளிச்சமாகத் தெரியும். போன் செயலி தந்த படத்தில் புடவை மட்டுமல்ல, முகம், பீடம், பின்னாலிருந்த சுவர்கூட ஒளிர்ந்தது. பொம்மை மொத்தமும் புதிது என்று அர்த்தம்.

கணினி மென்பொருளில் இந்தச் சிக்கல் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் மாஸ்க் வரைந்து கொடுக்கலாம். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, வரைந்து, திரும்ப ஒட்டும். கழுத்துக்குக் கீழே மாஸ்க் போட்டேன், கைகளை வெளியே விட்டேன். பொம்மையின் காலடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தரையையும் சேர்த்துக்கொண்டேன். அதை விட்டுவிட்டால் புடவைக்கு நிழல் விழ இடமில்லாமல் பொம்மை அந்தரத்தில் மிதப்பது போல் ஆகிவிடும். மாஸ்க் விளிம்பைத் தாண்டியும் கொஞ்சம் கசிவு இருந்தது. மூலப் படத்தின் தலையையும் கைகளையும் மேல் லேயராக வைத்ததும் `Difference` பரிசோதனையில் முகம் கன்னங்கரேலென்று ஆனது. மரம் மரமாகவே இருந்தது.

ஆனால் படத்தைப் பார்த்தால் இன்னும் ஏதோ இடித்தது. முகம் நம் பொம்மை, ஒளி சரி, நிழல் சரி. அப்படியும் ஒரு சாண்கூட இல்லாத பொம்மை ஆளுயரச் சிலை மாதிரி நின்றது. இந்தச் செயலிகளின் உண்மையான குறை இதுதான் என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆனது. பொம்மையைச் சின்னதாகக் காட்டுவது பொம்மை அல்ல, துணி.

கணக்காகவே பார்க்கலாம். பொம்மை 15 சென்டிமீட்டர். 165 சென்டிமீட்டர் பெண்ணோடு ஒப்பிட்டால் பதினொன்றில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் புடவை அந்த அளவில் 50 சென்டிமீட்டர் ஆகும். நீளத்தைக் குறைத்துவிடலாம்; நூலைக் குறைக்க முடியாது. அத்தையின் கைக்குட்டையில் ஒரு சென்டிமீட்டருக்கு 24 இழை எண்ணினேன். அப்படியென்றால் ஒவ்வொரு இழைக்கும் சுமார் 0.4 மில்லிமீட்டர் இடம். படம் எடுக்கும்போது பொம்மைக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்திருந்தேன். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், படத்தில் 270 பிக்சல். ஆக மில்லிமீட்டருக்கு 10 பிக்சல், ஒரு இழைக்கு 4 பிக்சல். நிஜத் துணியாக இருந்தால் நெசவு கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். செயலி வரைந்த புடவையில் இழையே இல்லை, வழவழவென்று இருந்தது. இழை தெரியாத புடவை என்றால் தூரத்தில் இருக்கும் பெரிய புடவை என்றுதான் நம் கண் எடுத்துக்கொள்ளும்.

மடிப்பும் அப்படித்தான். கைக்குட்டையின் ஓரத்தை மேசை விளிம்பில் 2 சென்டிமீட்டர் வெளியே நீட்டிப் பாருங்கள், விறைப்பாக நிற்கும். 10 சென்டிமீட்டர் நீட்டினால் தொங்கிவிடும். பொம்மையின் உடம்பில் எல்லாமே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அதனால் துணி வழியாது, விடைத்துக்கொண்டு நிற்கும். கொசுவம் ஏழு வராது, மூன்று வந்தால் அதிகம், அதுவும் தடிதடியாக. பொம்மைக்குத் தைப்பவர்களுக்கு இது பழைய தொல்லை. பதினொன்றரை அங்குலப் பார்பியின் இடுப்பு அவ்வளவு ஒல்லியானதற்கு, மடித்துத் தைத்த துணி அங்கே தடித்துப்போவதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

ஆகவே ஆணையை மாற்றினேன். அழகு, பட்டு, ஒய்யாரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குறைகளைக் கேட்டு எழுதினேன். கணினி மென்பொருளுக்கு ஆங்கிலம்தான் ஒழுங்காகப் புரிகிறது:

```
carved wooden doll wrapped in a scrap of handkerchief cotton,
coarse weave visible, three thick stiff pleats, frayed edge
```

பிசிறு, தடித்த மடிப்பு, தெரியும் நெசவு. இந்த மூன்றும் வந்ததும் பொம்மை சட்டென்று தன் நிஜ அளவுக்குச் சுருங்கியது. ‘மினியேச்சர்’ என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தபோது பின்புலம் மங்கியதே தவிர துணி மாறவில்லை.

பருத்திக்கு இது போதும். பட்டுக்குப் போதவில்லை, காரணம் சரிகை. எத்தனை முறை கேட்டாலும் அரை சென்டிமீட்டர் அகலத்தில், குட்டிக்குட்டி மாங்காய்கள் வரிசையாக ஓடும் கரையைத்தான் மென்பொருள் வரைந்தது. பட்டுத் துண்டின் படத்தை மாதிரியாகக் கொடுத்துப் பார்த்தேன். நிறத்தையும் மாங்காயையும் எடுத்துக்கொண்டது, அளவை எடுத்துக்கொள்ளவில்லை. மாதிரிப் படத்தில் எது எத்தனை மில்லிமீட்டர் என்று அதற்கு எப்படித் தெரியும்?

கடைசியில் கைவேலை. அதே பத்து ரூபாய் நாணயத்தைப் பட்டுத் துண்டின் மேல் வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்தேன். அதில் நாணயம் 432 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு 16. பொம்மைப் படத்தின் 10-க்குக் கொண்டுவர 62.5 சதவீதமாகச் சுருக்கினேன். அந்தத் துணியை வெட்டி, பொம்மையின் மேல் தட்டையாக ஒட்டி, அதன் மேல் மாஸ்க் போட்டு, எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் அளவுகோலைக் குறைத்து ஓட்டினேன். 0.3-இல் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரியே நின்றது. 0.75-இல் பழைய குட்டி மாங்காய்கள் திரும்பிவிட்டன. 0.5 பக்கத்தில் சரிகை தன் அகலத்தில் இருக்க, மடிப்பும் நிழலும் மட்டும் சேர்ந்தன.

அந்தப் படத்தை அத்தையிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. 3 சென்டிமீட்டர் சரிகை பொம்மையின் பாதத்திலிருந்து கிட்டத்தட்ட முட்டி வரை ஏறியிருந்தது. மிச்சம் தெரிந்த அரக்கு, செம்மரத்தின் நிறத்தோடு கலந்து புடவை எது, மரம் எது என்று தெரியவில்லை. முதல் நாள் போன் செயலி தந்த படத்தை நம்பி வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. “பட்டு பொட்டியிலயே இருக்கட்டும்” என்றார்.

அழகான படம் வேண்டும், பொம்மை யாராக இருந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்குப் போன் செயலி தாராளமாகப் போதும். வெட்டுவதற்கு முன் துணி எப்படி உட்காரும் என்று தெரிய வேண்டுமென்றால் மாஸ்க்கும் நாணயமும் இல்லாமல் நடக்காது. ஒரு படத்துக்கு எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அதன் பிறகும் ஓர் இடத்தில் ஏமாற்றியது. முன்னாலிருந்து எடுத்த படத்தில் பின்பக்கம் தெரியாதல்லவா?

கைக்குட்டையைக் கட்டியதும் பின்னால் குடை மாதிரி விரிந்து நின்றது. அத்தை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி கட்டினார், இடுப்பிலிருந்து கால் வரை தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி, ராத்திரி முழுக்க அப்படியே நிறுத்திவைத்தார். காலையில் நூலைப் பிரித்தபோது மூன்று மடிப்பும் அடங்கி நின்றன, நூல் அழுத்திய வரிகள் மட்டும் குறுக்கே லேசாகத் தெரிந்தன.