மனுவும் விண்ணப்பமும் ஒன்றல்ல

ஏம்பலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டம் முடித்த பிள்ளைகள் வேலைக்கு எழுதும் கடிதங்களைச் சில ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. 'தாழ்மையுடன் எழுதிக்கொள்வது' என்று தொடங்கும். 'என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு இந்த வேலையை அளித்து உதவுமாறு' என்று முடியும். தனியார் வங்கிக்கும் அதே கடிதம், சென்னையில் பத்துப் பேர் நடத்தும் ஸ்டார்ட்-அப்புக்கும் அதே கடிதம், நெய்வேலி என்.எல்.சி.க்கும் அதே கடிதம்.

இதற்கு மாற்றாகப் பயிற்சி மையங்களில் ஓர் அறிவுரை சொல்கிறார்கள். வங்கிக்குக் கறாராக எழுது, ஸ்டார்ட்-அப்புக்கு ஜாலியாக எழுது, அரசு நிறுவனத்துக்குப் பணிவாக எழுது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு பங்கு தவறு, மீதி ஒரு பங்கு அரைகுறை என்பதே என் முடிவு. ஏன் என்று பார்ப்போம்.

தொனியை எடைபோட ஒரு படிக்கல் வேண்டும். நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். இந்தத் தாளை யார் படிக்கிறார்? படித்துவிட்டு என்ன முடிவெடுக்கிறார்? அந்த முடிவு தவறாகப் போனால் அவருக்கு என்ன கேடு? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் தொனி தானாக அமையும். 'வங்கி', 'அரசு' என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தால் அமையாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். பி.காம். முடித்தவர், மதிப்பெண் 59.8 சதவீதம். அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவர். குழுவில் 14 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. ஆக மாதம் 2,800. 24 மாதத்தில் 67,200 ரூபாய். அதற்குமேல் உள்கடன், வட்டி, தவணை. அவரிடம் உள்ள அனுபவம் இது ஒன்றுதான். இதை மூன்று இடங்களில் எப்படிச் சொல்வது?

முதலில் வங்கி. இங்கேயே அறிவுரை இடறுகிறது, ஏனென்றால் வங்கி என்பது ஒரே வாசல் அல்ல. இந்தியன் வங்கி போன்ற பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர், அதிகாரி பணிகளுக்குப் பெரும்பாலும் ஐபிபிஎஸ் தேர்வு வழியாகத்தான் போக வேண்டும். அந்த இணையப் படிவத்தில் தொனிக்கு இடமே இல்லை. விண்ணப்பதாரர் சொந்தமாக எழுதுவது ஒரே ஒரு பகுதி: கையால் எழுதி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டிய உறுதிமொழி. 'நான் தந்த விவரங்கள் எல்லாம் சரியானவை, உண்மையானவை. கேட்கும்போது சான்றுகளைக் காட்டுவேன்' என்பது அதன் சாரம். அந்த வாசகத்தையும் அவர்களே தந்துவிடுகிறார்கள். அதை ஆங்கிலத்தில், தன் கையெழுத்தில், முழுதும் பெரிய எழுத்துகளாக இல்லாமல் எழுத வேண்டும். அண்ணனோ கணினி மையக்காரரோ எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. எழுத்தர் பணிக்கு நேர்காணலும் கிடையாது. அதிகாரி பணிக்கு நேர்காணல் உண்டு. முதன்மைத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் 80க்கு 20 என்ற விகிதம். அந்தப் பெண்ணின் குழுக் கணக்கு அனுபவம் அந்த 20 பங்கில்தான் பேச முடியும்.

தனியார் வங்கி வேறு. அங்கே கடிதத்தை ஒரு மேலாளரோ மனிதவளப் பிரிவினரோ படிக்கிறார். ஊரார் பணத்தைத் தொடப்போகிறவரை அவர் தேர்ந்தெடுக்கிறார். கணக்கு உதைத்தாலோ ஆள் பொய்யராக இருந்தாலோ பதில் சொல்லும் பொறுப்பு அவர் தலையில்தான் விழும். ஆகவே அவருக்கு எழுதும் குரல் தாழ்ந்திருக்கலாம், குழையக் கூடாது. ஒவ்வொரு வாக்கியமும் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். 'நான் மிகவும் நேர்மையானவள், கடின உழைப்பாளி' என்பதைச் சரிபார்க்க வழியில்லை. இப்படி எழுதலாம்: 'எங்கள் சுயஉதவிக் குழுவுக்கு 24 மாதம் கணக்கு எழுதினேன். மாதந்தோறும் பதிவேட்டை வங்கிப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டேன். ஒரு மாதம் 200 ரூபாய் இடித்தது. ஒருவருடைய சேமிப்பை இரண்டு முறை பதிந்திருந்தேன். கூட்டத்தில் சொல்லித் திருத்தினேன்.' தன் தவறைத் தானே சொல்லும் அந்தக் கடைசி வரியை நீக்கச் சொல்பவர்கள் உண்டு. நீக்கக் கூடாது. தவறு செய்யாத கணக்கர் இல்லை என்பது வங்கிக்காரருக்குத் தெரியும். தவறை மறைக்காத கணக்கரையே அவர் தேடுகிறார்.

அதே காரணத்தால் 59.8 என்பதை '60 சதவீதம்' என்று எழுதுவது இங்கே வெறும் சுருக்கம் ஆகாது. ஐபிபிஎஸ் அறிவிப்புகளே 59.99 சதவீதத்தை 60க்குக் குறைவாகத்தான் கொள்வோம் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. பின்னங்களில் கறாராக இருக்கும் தொழிலுக்கு, பின்னத்தைத் தள்ளுபடி செய்த கடிதம் போய்ச் சேர்ந்தால் எழுதியவரைப் பற்றிய முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடும்.

அடுத்தது ஸ்டார்ட்-அப். இங்கே கடிதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் நிறுவனத்தைத் தொடங்கியவரேதான், அல்லது உங்களுக்கு அடுத்த நாற்காலியில் உட்காரப்போகிறவர். பத்துப் பேர் உள்ள இடத்தில் ஓர் ஆள் தவறாக வந்தால் வேலையில் பத்தில் ஒரு பங்கு நின்றுபோகும். சொல்லிக் கொடுக்க அங்கே தனி ஆளும் இல்லை. அவருடைய அச்சம், வந்தவர் சொன்னதை மட்டும் செய்துகொண்டு நின்றுவிடுவாரோ என்பதே. பணிவு அந்த அச்சத்தைத் தீர்க்காது. ஜாலியும் தீர்க்காது. 'ஹாய் டீம்' என்று தொடங்கிச் சிரிப்புப் பொம்மைகள் போட்டு, 'கற்றுக்கொள்ளத் துடிக்கிறேன்' என்று முடிக்கும் கடிதம், 'தாழ்மையுடன்' கடிதத்தின் மறுபக்கம்தான். இரண்டிலும் எழுதியவரின் மனநிலை இருக்கிறது, வேலை இல்லை.

கைபேசிக் கணக்குச் செயலி செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு நம் பெண் எழுதுகிறார் என்றால், கடிதம் இப்படி இருக்கலாம்: 'உங்கள் செயலியில் எங்கள் குழுவின் மூன்று மாதக் கணக்கை ஏற்றிப் பார்த்தேன். சேமிப்பும் வட்டியும் சரியாக வந்தன. ஆனால் ஒருவர் பாதித் தவணை மட்டும் கட்டினால் பதிய வழியில்லை. எங்கள் ஊரில் மாதக் கடைசியில் அப்படித்தான் கட்டுவார்கள். நோட்டில் நாங்கள் அதை எப்படிப் பதிகிறோம் என்ற படத்தை இணைத்திருக்கிறேன்.' ஆறேழு வரிகள் போதும். இந்தத் தொனியில் உரிமை இருக்கிறது, திமிர் இல்லை. குறை சொல்கிறது, வழியும் காட்டுகிறது. இதே வரிகளை வங்கிக்கு எழுதி, 'உங்கள் படிவத்தில் குறை இருக்கிறது' என்று தொடங்கினால் எடுபடாது. அங்கே நடைமுறையை மதிக்கும் ஆள் வேண்டும். இங்கே நடைமுறையை உருவாக்கும் ஆள் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஸ்டார்ட்-அப் என்பது நிரந்தர நிலை அல்ல. சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அந்த அளவுக்கு வளர்ந்த நிறுவனத்தில் உங்கள் கடிதத்தை நிறுவனர் படிப்பார் என்று எண்ண முடியாது. படிப்பவர் மாறினால் தொனியும் மாற வேண்டும்.

மூன்றாவது, பொதுத்துறை நிறுவனம். நம் பக்கத்தில் உள்ள பெரிய எடுத்துக்காட்டு என்.எல்.சி. அது ஆண்டுதோறும் எடுக்கும் தொழில் பழகுநர்களில் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு, பி.காம். உட்பட. இது நிரந்தர வேலை அல்ல, பயிற்சிக் காலம். இணையத்தில் பதிவு செய்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, சான்று நகல்களோடு நெய்வேலியில் உள்ள கற்றல் மற்றும் மேம்பாட்டு மையத்தில் குறித்த நாளுக்குள் சேர்ப்பதே அவர்கள் அறிவிப்புகளில் நான் கண்ட முறை. அந்தத் தாளைப் பார்ப்பவர் சரிபார்க்கும் ஊழியர். அவர் எடுக்கும் முடிவு ஒன்றே: தகுதி உண்டா, இல்லையா. தகுதியில்லாதவரைச் சேர்த்தால் தணிக்கையில் மாட்டுவார். தகுதியானவரை விட்டால் நீதிமன்றத்தில் நிற்பார். இரக்கப்பட அவருக்கு அதிகாரம் இல்லை. பணிவு எழுதினால் கேட்கக் காது இல்லை.

எனவே இங்கே சரியான தொனி, தொனியே இல்லாமல் இருப்பது. விளம்பர எண், பணியின் பெயர், சான்றிதழில் உள்ளபடியே பெயர், கேட்ட வரிசையில் இணைப்புகள். நம் பிள்ளைகள் இடறும் இடம் பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பட்டச் சான்றில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் மூன்று ஆட்கள் போலத் தெரியும். நான்கு பத்தி பணிவாக எழுதுவதைவிட இதைச் சரிசெய்வது மேல். நம் பெண்ணின் குழுக் கணக்கு அனுபவம் இங்கே வராது. நியமன ஆணையும் அனுபவச் சான்றும் இல்லாத வேலைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. மனம் வலித்தாலும் விட்டுவிட வேண்டும்.

பணிவு வீண் என்பதோடு நிற்கவில்லை, ஆபத்தாகவும் முடியலாம். பொதுத்துறை விளம்பரங்களின் அடியில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: எவ்வகையிலும் ஆதரவு தேடினால் விண்ணப்பம் தகுதியிழக்கும். 'எங்கள் தொகுதிப் பிரமுகர் உங்களிடம் பேசுவார்' என்று பணிவோடு சேர்க்கும் ஒரு வரி, நல்ல மதிப்பெண்ணையும் கொண்டுபோய்விடும். குடும்பத் துயரத்தைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. பணியில் இருந்த ஊழியர் இறந்து, வாரிசு கருணை அடிப்படையில் வேலை கேட்கும்போது அந்தக் குடும்பத்தின் நிலைதான் பரிசீலிக்கப்படுகிறது. அது மனு. மற்றவை விண்ணப்பம்.

இதற்கு மறுப்பு உண்டு. 'வில்லியனூர்க் கிளை மேலாளரும் நம்மூர் மனிதர்தானே, மரியாதையாக எழுதினால் மகிழ மாட்டாரா?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். மகிழ்வார். அதற்காகத்தான் தொடக்கத்தில் 'ஐயா' அல்லது 'அம்மையீர்', முடிவில் 'நன்றி' இருக்கின்றன. மரியாதைக்கு அந்த இரண்டு இடம் போதும். இடையில் உள்ள பத்திகள் தகுதிக்கு உரியவை. இன்னொரு மறுப்பு கனமானது: மூன்று இடத்தில் மூன்று குரலில் பேசுவது வேடம் இல்லையா? இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அது வேடம். எண்கள் ஒன்றாக இருந்து, எதை முன்னால் வைத்தோம், எதை விட்டோம் என்பது மட்டும் மாறினால் அது பண்பு.

ஆக, என் தீர்ப்பு இது. தனியார் வங்கிக்கு அளந்த குரல், ஸ்டார்ட்-அப்புக்கு வேலையைக் காட்டும் குரல், பொதுத்துறைக்கும் ஐபிபிஎஸ் படிவத்துக்கும் குரலே இல்லாத துல்லியம். கெஞ்சல் இவற்றில் எதிலும் இல்லை. அதோடு, தொனியால் வேலை கிடைக்கும் இடங்கள் முதல் இரண்டுதான். மற்ற இடங்களில் மதிப்பெண்ணும் தேர்வும் முடிவு செய்கின்றன. அங்கே கடிதத்துக்குச் செலவிடும் நேரத்தைப் படிப்புக்குக் கொடுப்பதே சரி.

ஏம்பலத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விண்ணப்பத்தை எடுக்கும்போது 'தாழ்மையுடன்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் செய்த ஒரு வேலையை எண்ணோடு எழுதுங்கள்.